இறுதிநிலைச் செலவுக் கோடு சராசரிச் செலவின் அடிப்புள்ளியில் வெட்டுவது ஏன்? வரைந்து பார்ப்போம்

ஒரு பட்டறையின் நாள் வாடகை 100 ரூபாய், மற்ற செலவு 10Q + Q² என்று வைத்துக்கொள்வோம். Q என்பது அன்று செய்த பொருள்களின் எண்ணிக்கை. விரிதாளில் A2 முதல் கீழ்நோக்கி 4-லிருந்து 20 வரை எண்களை இட்டு, இந்தச் சூத்திரங்களைக் கீழே இழுத்துவிடுங்கள்:

```
B2: =100+10*A2+A2^2
C2: =B2/A2
D3: =B3-B2
E3: =A3-0.5
```

B மொத்தச் செலவு, C சராசரி, D இறுதிநிலைச் செலவு, அதாவது கூடுதலாக ஒரு பொருள் செய்ய ஆகும் செலவு. E படத்தில் D-க்குரிய இடம்.

படம் வரையும் முன் 9, 10, 11-க்கான வரிசைகளைப் பாருங்கள். 9 பொருளுக்கு மொத்தம் 271, சராசரி 30.11. பத்தாவது பொருளுக்குக் கூடுதலாக ஆவது 29. இது நடப்புச் சராசரியைவிடக் குறைவு, அதனால் சராசரி 30-க்கு இறங்குகிறது. பதினொன்றாவதற்கு 31 ஆகிறது. இது 30-ஐவிட அதிகம், சராசரி 30.09-க்கு ஏறுகிறது. புதிதாகச் சேரும் செலவு சராசரிக்குக் கீழே இருக்கும்வரை அதைக் கீழே இழுக்கும். மேலே போனதும் தூக்கிவிடும். இறக்கம் நின்று ஏற்றம் தொடங்கும் இடத்தில் இரண்டும் சமமாக இருந்தே தீரவேண்டும்.

பலரும் தடுமாறுவது இங்கேதான்: இறுதிநிலைச் செலவு ஏறத் தொடங்கினாலே சராசரியும் ஏறும் என்று நினைக்கிறார்கள். D பத்தியில் 25, 27, 29 என்று ஏறிக்கொண்டேதான் வருகிறது. சராசரியோ அப்போதும் இறங்குகிறது. இறுதிநிலைச் செலவு எந்தப் பக்கம் நகர்கிறது என்பதைப் பார்க்காதீர்கள், சராசரிக்கு மேலா கீழா என்று மட்டும் பாருங்கள்.

இனிப் படம். Line வகையைத் தவிர்த்து Scatter-ஐயே எடுங்கள். சராசரிக்கு A, C. இறுதிநிலைக்கு E, D. அந்த 0.5-ஐ விட்டுவிட்டால் கோடுகள் 10-இல் வெட்டாமல் 10.5-ஐ ஒட்டி வெட்டும், பாடம் தவறோ என்று தோன்றும். 29 என்பது 9-க்கும் 10-க்கும் இடைப்பட்ட செலவு. அதற்குரிய இடம் 9.5. செங்குத்து அச்சை 15 முதல் 50 வரை வையுங்கள். சராசரிக் கோட்டின் அடி மிகத் தட்டையாக இருக்கும். 8 முதல் 12 வரை அரை ரூபாய்தான் வித்தியாசம். அடிப்புள்ளியைக் கண்ணால் குறிக்காமல் C பத்தியிலிருந்து எடுங்கள்.

அடுத்து B2-இல் 100-ஐ 144 ஆக்கி மறுபடி கீழே இழுங்கள். இறுதிநிலைக் கோடு அசையாது, ஏனென்றால் வாடகை எத்தனை பொருள் செய்தாலும் மாறாதது. சராசரிக் கோடு மேலே போய், அதன் அடிப்புள்ளி 12-க்கு நகரும். அங்கே இரண்டும் 34.

எல்லாச் செலவுச் சார்புக்கும் இப்படி வெட்டுப்புள்ளி கிடைத்துவிடாது. A2^2-ஐ எடுத்துவிட்டால் இறுதிநிலைச் செலவு எப்போதும் 10. சராசரி இறங்கிக்கொண்டே அதை நெருங்குமே தவிரத் தொடாது. அதற்கு அடிப்புள்ளியே கிடையாது.