சிப்பாயைப் பலி கொடுத்தால் ஈடு கிடைத்ததா? ஸ்மித்–மோரா காம்பிட்டை வைத்து ஒரு செய்முறை

சிசிலியனுக்கு எதிராக ஸ்மித்–மோரா ஆடுபவர்களுக்கு வரும் சந்தேகம் ஒன்றுதான். ஒரு சிப்பாய் போய்விட்டது, அதற்குப் பதிலாகக் கையில் என்ன இருக்கிறது? இதை ஆட்டத்தின் நடுவிலேயே எடை போடும் முறையைச் சொல்கிறேன். காய்களின் நகர்வும் குறியீடும் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

```
1.e4 c5 2.d4 cxd4 3.c3 dxc3 4.Nxc3
```

படி 1: நகர்வுகளை எண்ணுங்கள். பலகையில் இப்போது நிற்கும் பயனுள்ள நகர்வுகளை மட்டும் எண்ண வேண்டும். வெள்ளைக்கு e4 சிப்பாய், c3 குதிரை என்று இரண்டு. கறுப்பு மூன்று முறை நகர்த்திய சிப்பாய் பலகையிலேயே இல்லை, எனவே பூஜ்யம். ஆனால் அடுத்த முறை கறுப்புடையது, அதனால் முன்னணியை ஒன்றரை என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு சிப்பாய்க்கு மூன்று நகர்வு ஈடு என்பது பழைய கணக்கு. அதன்படி பார்த்தால் இந்த எண்ணிக்கை மட்டும் போதாது. மிச்சம் திறந்த பாதைகளிலிருந்து வர வேண்டும்.

படி 2: பாதையின் மறுமுனையில் என்ன நிற்கிறது? c ஃபைல் முழுதாகத் திறந்திருக்கிறது. d ஃபைலில் வெள்ளைச் சிப்பாய் இல்லை. இரண்டு பிஷப்புக்கும் வழி உண்டு. இத்தோடு நிறுத்திவிடக் கூடாது. யானையை அங்கே வைத்தால் எதன் மீது அடி விழும் என்று பார்க்க வேண்டும். இலக்கே இல்லாத திறந்த ஃபைலுக்கு நான் மதிப்பே தருவதில்லை. இங்கே d8-இல் கறுப்பு ராணி இருக்கிறது.

படி 3: உங்கள் உடைப்பு நகர்வு வேலை செய்கிறதா? நிதானமாகப் பார்க்க வேண்டிய படி இதுதான். மோராவில் அந்த நகர்வு e5.

```
4...Nc6 5.Nf3 d6 6.Bc4 Nf6 7.e5 dxe5 8.Qxd8+ Nxd8 9.Nb5
```

ராணிகள் போன பிறகும் தாக்குதல் ஓயவில்லை. குதிரை c7-க்கு வந்து ராஜாவையும் யானையையும் சேர்த்துப் பிடிக்கப் பார்க்கிறது. 9...Rb8 என்று யானையை நகர்த்தினால் 10.Nxe5. அடுத்து Nc7 செக்மேட். d7-ஐ e5 குதிரை காக்கிறது, மற்ற கட்டங்களைக் கறுப்பின் சொந்தக் காய்களே அடைத்திருக்கின்றன.

கறுப்பு கவனமாக ஆடினால்?

```
6...e6 7.O-O Nf6 8.Qe2 Be7 9.Rd1
```

மீண்டும் e5 மிரட்டல். இப்போது d6 சிப்பாய் அதை வெட்டினால் d8 ராணி போய்விடும். அதனால் கறுப்பு வழக்கமாக 9...e5 ஆடுகிறது. மிரட்டல் நின்றுவிட்டதே, ஈடும் தீர்ந்ததா? இல்லை. e6, e5 என்று ஒரே சிப்பாய்க்கு இரண்டு நகர்வு செலவாகிவிட்டது. d5 கட்டத்தை இனி எந்தக் கறுப்புச் சிப்பாயும் காக்க முடியாது. d6 பின்தங்கி நிற்கிறது. வேக முன்னணி நாலு நகர்வில் கரையும், d5 ஓட்டை கரையாது. முன்னணி தீர்வதற்குள் இப்படி நிலையான ஒன்றாக மாறினால் மட்டுமே ஈடு போதும் என்று சொல்வேன். இங்கே போதும். Be3, Rac1 என்று நிதானமாக ஆடலாம்.

படி 4: எதிராளியின் நல்ல அமைப்பை வைத்தும் பாருங்கள்.

```
4...Nc6 5.Nf3 e6 6.Bc4 a6 7.O-O Nge7
```

நகர்வு எண்ணிக்கையில் வெள்ளை இன்னும் முன்னால்தான். ஆனால் குதிரை f6-இல் இல்லாததால் e5-க்கு இரை இல்லை. அது g6-க்குப் போனால் e5 கட்டத்தையே காவல் காக்கும். ஈட்டின் மதிப்பு இங்கே குறைவு. நான் 8.Bg5 ஆடுவேன். கறுப்பு f6 என்று விரட்டினால் பிஷப் e3-க்குத் திரும்பும், e6 சிப்பாய்க்கு f7-இலிருந்து கிடைத்த தாங்கல் போய்விடும். c4 பிஷப்புக்கு அதுவே இலக்கு.

கருவி விஷயத்தில் என் கட்சி இது: முதலில் மரப்பலகை, அப்புறம் லிச்செஸ் பகுப்பாய்வுப் பலகை, அதிலும் எஞ்சினை அணைத்துவிட்டு. எஞ்சின் மோராவில் கறுப்புக்குச் சற்றுச் சாதகம் என்றே காட்டும். துல்லியமான பதில்களை வைத்துச் சொல்லும் எண் அது. அந்தப் பதில்களைக் கண்டுபிடிப்பது எத்தனை கடினம் என்பது அதில் தெரியாது. உங்கள் மதிப்பீட்டை எழுதி முடித்த பிறகு எஞ்சினைப் போட்டு, எங்கே வேறுபடுகிறது என்று பாருங்கள்.

பின்சேர்க்கை: கறுப்பு c3-ஐ வெட்டாமல் 3...d3 ஆடினால் என்ன என்று சிலர் கேட்டிருந்தார்கள். 4.Bxd3 என்று எடுத்துவிடுங்கள். சிப்பாய்கள் சமம், பலியே நடக்கவில்லை, எனவே மேலே சொன்ன கணக்கு எதுவும் தேவையில்லை. 3...Nf6 வந்தால் 4.e5 Nd5 என்று ஆட்டம் அலபின் வகைக்குப் போய்விடும். மோரா ஆடுபவர்கள் அதையும் கொஞ்சம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.