ரூம் செக்கிங்: சின்ன லாட்ஜ்களில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள்

பதினெட்டு அறை கொண்ட ஒரு லாட்ஜில் ஹவுஸ்கீப்பிங் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு நாள் இரவு பதினோரு மணிக்குக் குடும்பத்தோடு வந்தவர்களுக்கு 204-ஐக் கொடுத்தோம். குழந்தையைக் குளிப்பாட்டப் போனால் வெந்நீர் வரவில்லை. அன்று மதியம் அந்த அறையைச் செக் செய்தது நான்தான். தாளில் ‘கீசர்’ என்ற இடத்தில் டிக் போட்டிருந்தேன்.

சுவிட்சைப் போட்டேன், சிவப்பு விளக்கு எரிந்தது, டிக் போட்டுவிட்டேன். பல மாடல்களில் அந்த விளக்கு எரிந்தால் கரண்ட் வருகிறது என்றுதான் பொருள். உள்ளே காயில் எரிந்துபோயிருந்தாலும் விளக்கு எரியும். 15 லிட்டர், 2 கிலோவாட் கீசரில் தண்ணீர் நன்றாகச் சூடாகச் சுமார் கால் மணி நேரம் வேண்டும். ஓர் அறையைச் செக் செய்ய எனக்கு எட்டு நிமிடம்தான் ஆகும். அதனால் நான் நின்று பார்த்தாலும் பச்சைத் தண்ணீர்தான் வந்திருக்கும். இதற்கு வழி சுலபம். ரூம் பாய் பெட்ஷீட்டை உருவும்போதே கீசரைப் போட்டுவிட வேண்டும். நாம் போகும் நேரத்தில் குழாயைத் திறந்து கையை நீட்டினால் தெரிந்துவிடும்.

அடுத்த தவறு, செக்கிங்குக்கு முன்பே ரூம் ஃப்ரெஷனர் அடிப்பது. அறையின் நாற்றம் கதவைத் திறந்த முதல் சில மூச்சில்தான் தெரியும், அப்புறம் மூக்கு பழகிவிடும். அந்த நேரத்தில் மல்லிகை வாசனை வந்தால் ஏசியின் ஈர வாடையோ, சிகரெட்டோ, பாத்ரூம் நாற்றமோ பிடிபடாது. ஃப்ரெஷனர் தேவையென்றால் எல்லாம் முடிந்தபின் அடிக்கட்டும். நான்கைந்து நாள் ஆள் தங்காத அறையில் சாக்கடை நாற்றம் வந்தால் ஃபினாயிலைத் தேடாதீர்கள். தரையில் தண்ணீர் போகும் ஜாலிக்குக் கீழே உள்ள வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும். அது காய்ந்துபோனால் குழாய்க் காற்று நேராக மேலே வரும். ஒரு மக் தண்ணீர் ஊற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

நின்றபடியே அறையைப் பார்த்துவிட்டு வருவதும் பெரிய தவறு. தங்குபவர் கட்டிலில் படுக்கிறார், டாய்லெட்டில் உட்காருகிறார். அவர் கண்ணுக்கு ஃபேன் றெக்கையின் அடிப்பக்கத் தூசியும், பாத்ரூம் கதவின் உள்பக்கக் கறையும், வாஷ்பேசினுக்கு அடியில் ஒட்டிய முடியும் தெரியும். நாமும் ஒரு நிமிடம் படுத்துப் பார்க்க வேண்டும், உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

கட்டிலில் முக்கியமானது தலைமாடு. பெட்ஷீட் மூலையைத் தூக்கி, மெத்தையின் தையல் ஓரத்தையும் தலைமாட்டுப் பலகையின் இடுக்கையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பேனா முனையால் குத்தியது போலக் கரும்புள்ளிகள் கூட்டமாக இருந்தால், ஈரப் பஞ்சால் தேயுங்கள். செம்பழுப்பாகப் பரவினால் அது மூட்டைப்பூச்சியின் எச்சமாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்போது பதற்றத்தில் மெத்தையை வேறு அறைக்கு மாற்றிவிடுகிறார்கள். அது பூச்சியைக் கூட்டிக்கொண்டு போய் விடுவதுதான். அறையைப் பூட்டுங்கள், துணியை அங்கேயே பையில் கட்டுங்கள், இருபக்க அறைகளையும் மேலும் கீழும் உள்ள அறைகளையும் அன்றே பாருங்கள்.

சரி, செக்லிஸ்ட். எங்களிடம் அறுபது வரி இருந்தது. மாலையில் உட்கார்ந்து ஒரே பேனாவால் ஒரே சாய்வில் டிக் போட்ட தாள்கள்தான் ஃபைலில் இருந்தன. 204-க்குப் பிறகு அதைப் பதினாறு வரியாகக் குறைத்து, கதவிலிருந்து வலப்பக்கமாகச் சுற்றி வரும் வரிசையில் மாற்றி எழுதினேன். சில இடங்களில் டிக் கட்டத்தையே எடுத்துவிட்டேன். ‘வெந்நீர் வந்ததா’ என்பதற்குப் பதில் ‘கீசர் போட்ட நேரம், கை வைத்த நேரம்’. ‘டவல் உண்டா’ என்பதற்குப் பதில் ‘டவல் எத்தனை’. ஃப்ளஷ் செய்தபின் டேங்க் நிரம்பித் தண்ணீர் நின்றதா என்று பார்த்து, நின்ற நேரத்தையும் எழுத வேண்டும். அறைக்குள் போகாமல் இவற்றை நிரப்புவது கஷ்டம்.

இத்தனைக்குப் பிறகும் ஓர் ஓட்டை இருந்தது. 204-இன் கீசர் சூடாகவில்லை என்று அன்று காலையிலேயே ரூம் பாய் சீட்டு எழுதியிருந்தான். அது எலக்ட்ரீஷியனுக்குப் போகாமல் அவன் சட்டைப் பையில் இருந்தது. ரிசப்ஷனுக்கு எதுவும் தெரியாது. சுத்தம் முடிந்தாலே அறை ரெடி என்று நினைத்து அவர்கள் கொடுத்துவிட்டார்கள். அதன்பின் சாவியை வைத்தே ஒரு முறை வைத்தோம். காலியான அறையின் சாவி செக் செய்பவரிடம் இருக்கும். அவர் ரிசப்ஷனில் கொடுத்தால்தான் அறை விற்பனைக்கு. பழுது இருந்தால் சாவி வராது. பிளம்பரோ எலக்ட்ரீஷியனோ வேலை முடித்துப் போனாலும் உடனே சாவியைக் கொடுப்பதில்லை. துடைத்த தரையில் அவர்களின் செருப்புத் தடமும், வாஷ்பேசினில் டெஃப்லான் டேப் துணுக்கும் கிடக்கும். பாத்ரூமை மட்டும் இன்னொரு முறை பார்த்த பிறகே சாவி கீழே போகும்.