CF3 தொகுதியின் நீண்ட எலிப்சாய்டு: அதிர்வா, ஒழுங்கின்மையா?

சென்னையில் படிகக் கட்டமைப்பைத் தீர்க்கப் பழகும் மாணவர்கள் பலருக்கும் முதலில் கிடைப்பது அறை வெப்பநிலையில், அதாவது ஏறத்தாழ 296 K இல் எடுத்த தரவுதான். மூலக்கூறில் பென்சீன் வளையத்தோடு இணைந்த ஒரு CF3 தொகுதி இருந்தால், அனைசோட்ரோபிக் நிலைக்கு மாறியவுடன் அதன் மூன்று ஃபுளூரின்களும் C–C பிணைப்பைச் சுற்றிச் சுழலும் திசையில் நீண்டு தெரியும். இந்த நீட்சியைக் கண்டதும் என்ன செய்வது என்பதை, அண்மையில் நான் செம்மைப்படுத்திய ஒரு கட்டமைப்பைக் கொண்டு விளக்குகிறேன். தரவுத் திரட்டலும் கட்டமைப்பைத் தீர்ப்பதும் முடிந்துவிட்டன, SHELXL ஓடுகிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

1. படத்திற்கு முன் எண்களைப் பாருங்கள்

ஐசோட்ரோபிக் அணுவுக்கு ஒரே ஒரு U மதிப்பு உண்டு. அனைசோட்ரோபிக் அணுவுக்கு ஆறு. அந்த ஆறிலிருந்து எலிப்சாய்டின் மூன்று முதன்மை அச்சுகளின் மதிப்புகள் கணக்கிடப்பட்டு, `.lst` கோப்பில் `Principal mean square atomic displacements U` என்ற தலைப்பின்கீழ் அச்சாகும். என் கட்டமைப்பில் F1 அணுவுக்கு அவை 0.21, 0.08, 0.05 சதுர ஆங்ஸ்ட்ராம்; வரியின் முடிவில் `may be split into` என்ற குறிப்பும் இருந்தது. 0.21 இன் வர்க்கமூலம் 0.46. அந்தத் திசையில் அணு தன் சராசரி இடத்திலிருந்து அவ்வளவு ஆங்ஸ்ட்ராம் விலகியிருக்கிறது என்பது இதன் பொருள்.

வரைபடத்தை நான் எப்போதும் 50% நிகழ்தகவில்தான் வரைவேன். அப்போது அரையச்சின் நீளம் இந்த விலகலைப்போல் 1.54 மடங்காக இருக்கும். அறை வெப்பநிலைத் தரவுக்கு 30% போடுவது தவறன்று. ஆனால் விழுக்காட்டைக் குறிப்பிடாத படத்தில் எலிப்சாய்டு பெரிதா சிறிதா என்று பேசுவதற்கு இடமே இல்லை.

2. நீட்சி எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாது

எலிப்சாய்டு என்பது காலத்தாலும், படிகத்தில் உள்ள கோடிக்கணக்கான அலகறைகளாலும் சராசரியாக்கப்பட்ட ஒரு படம். ஓர் அணு விரிந்து அசைந்தாலும், பாதி அலகறைகளில் இங்கும் மீதிப் பாதியில் சற்றுத் தள்ளியும் அமர்ந்திருந்தாலும், ரிஃபைன்மென்ட் இரண்டையும் ஒரே நீண்ட உருவத்தால்தான் மூடும்.

இரண்டாவது நிலைமைக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. இரண்டு இடங்களின் விகிதம் p, 1−p என்றும், இடைவெளி d என்றும் கொண்டால், நீண்ட அச்சின் மதிப்பு இப்படி அமையும்:

```
U = U0 + p(1-p)d^2
```

U0 என்பது ஒவ்வோர் இடத்திலும் அணுவுக்கு உள்ள இயல்பான அசைவு. அதற்கு F1 இன் நடு அச்சு மதிப்பான 0.08 ஐ எடுத்து, p ஐ 0.5 என்று வைத்தால், d ஏறத்தாழ 0.72 ஆங்ஸ்ட்ராம் வருகிறது. வழக்கமான மாலிப்டினம் தரவின் பிரிதிறனும் 0.8 ஆங்ஸ்ட்ராமை ஒட்டியே இருப்பதால், இவ்வளவு நெருங்கிய இரண்டு இடங்கள் வேறுபாட்டு வரைபடத்தில் தனித்தனி உச்சிகளாகத் தெரிவது அரிது. உச்சி தெரியவில்லை என்பதால் ஒழுங்கின்மை இல்லை என்று முடிவு கட்டக்கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

வேறு இரண்டு அடையாளங்களையும் சேர்த்துப் பாருங்கள். என் கட்டமைப்பில் C–F பிணைப்பு 1.28 ஆங்ஸ்ட்ராமாகச் சுருங்கித் தெரிந்தது. வழக்கமாக அது 1.33 அளவில் இருக்க வேண்டும். வட்ட வில்லில் பரவியிருக்கும் அடர்த்திக்கு நடுவில் அணுவை வைத்தால், அது உள்நோக்கி இழுபடும். கூடவே, ஃபுளூரின்களுக்கு அருகில் எஞ்சிய எலக்ட்ரான் அடர்த்தியில் மேடும் பள்ளமும் மாறிமாறி நின்றன. ஆனால் சுருக்கம் பலமான சுழலசைவிலும் வரும். ஆகவே அதை மட்டும் நம்பிப் பிரிக்க வேண்டாம்.

3. பிரித்தல்

ஃபுளூரின்களை நீக்கிவிட்டு, C–C பிணைப்புக்குச் செங்குத்தான தளத்தில் வேறுபாட்டு வரைபடத்தை வரையுங்கள். Olex2 இல் இது எளிது. அடர்த்தி மூன்று நீண்ட தீவுகளாக இருந்தால் இரண்டு நிலைகள் போதும். முழு வளையமாக இருந்தால் இரண்டு நிலைகளைக் கொண்டு அதை நேர்மையாக விவரிக்க முடியாது. `.lst` கோப்பு தந்த இரண்டு இடங்களையே தொடக்கமாகக் கொண்டு `.ins` கோப்பை இப்படி மாற்றினேன் (F2, F3 க்கும் இதே முறைதான்):

```
FVAR 0.35 0.60
SADI C7 F1A C7 F2A C7 F3A C7 F1B C7 F2B C7 F3B
SADI 0.04 F1A F2A F2A F3A F3A F1A F1B F2B F2B F3B F3B F1B
EADP F1A > F3B
PART 1
F1A 4 0.6123 0.4031 0.2184  21.0 0.08
PART 2
F1B 4 0.6010 0.4265 0.2257 -21.0 0.08
PART 0
```

`21.0` என்பது இரண்டாவது மாறியின் மதிப்பு. `-21.0` என்பது ஒன்றிலிருந்து அதைக் கழித்தால் மிஞ்சுவது. `FVAR` வரியின் முதல் எண் அளவுக் காரணி என்பதால் எண்ணிக்கை அங்கிருந்தே தொடங்குகிறது.

4. எதை முதலில் விடுவிப்பது

எனக்கு அதிக நேரம் பிடித்த படி இதுதான். ஓர் இடத்தின் விகிதத்தைக் குறைத்தாலும், அங்குள்ள U ஐக் கூட்டினாலும் உச்சியின் உயரம் குறையும். ஆகவே இரண்டையும் ஒன்றாக விடுவித்தால் ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யும். விகிதம் ஒவ்வொரு சுற்றிலும் அலையும், சிறுபான்மை நிலையின் எலிப்சாய்டுகள் தட்டையாகும், இறுதியில் `NPD` என்ற எச்சரிக்கை வரும்.

எனவே முதலில் ஆறு ஃபுளூரின்களையும் ஐசோட்ரோபிக்காக, `EADP` மூலம் ஒரே U மதிப்பில் கட்டிவைத்து, விகிதத்தை மட்டும் நிலைக்க விடுங்கள். எனக்கு அது 0.64 இல் நின்றது. அதன்பிறகு `EADP` வரியை எடுத்துவிட்டு, `SIMU F1A > F3B`, `RIGU C7 F1A > F3B` ஆகிய இரண்டையும் சேர்த்து, ஃபுளூரின்களை அனைசோட்ரோபிக் ஆக்குங்கள். `EADP` ஐ இறுதிவரை வைத்திருப்பதை நான் விரும்புவதில்லை. வெவ்வேறு இடத்தில் இருக்கும் அணுக்கள் அச்சுப் பிசகாமல் ஒரே மாதிரி அசைகின்றன என்று அது வற்புறுத்துகிறது.

முடிவில் மிகப்பெரிய அச்சு 0.11 ஆகக் குறைந்தது, C–F சராசரி 1.32 க்கு வந்தது, ஃபுளூரின்களின் அருகிலிருந்த மேடுபள்ளமும் அடங்கியது. இரண்டு நிலைகளுக்கும் இடைவெளி 0.75 ஆங்ஸ்ட்ராம், அதாவது தொகுதி ஏறத்தாழ 35 பாகை திரும்பியிருக்கிறது. சூத்திரத்தில் p க்கு 0.64 இட்டாலும் இதே இடைவெளி வருகிறது. விகிதம் 0.95 போன்ற எண்ணுக்கு ஓடி, R1 இல் மாற்றமே இல்லையெனில், பிரிக்காமல் விடுவதே நல்லது.

5. குளிர்வித்துச் சரிபார்த்தல்

வாய்ப்பிருந்தால் அதே படிகத்தை 100 K இல் மீண்டும் அளக்கலாம். வெறும் அதிர்வாக இருந்தால் U ஏறக்குறைய வெப்பநிலையோடு சேர்ந்து குறையும். பிரிக்காத மாதிரியில் 0.21 என்பது 0.07 அளவுக்கு இறங்க வேண்டும். நிலையான ஒழுங்கின்மையில் U0 மட்டுமே குறையும், இடைவெளி தரும் 0.13 அப்படியே நிற்கும், ஆகவே 0.16 அளவில் எதிர்பார்க்கலாம். இரு நிலைகளுக்கிடையே தொகுதி தாவிக்கொண்டிருந்தால் விகிதமே மாறிவிடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். ஐப்பசி மழை நாள்களில் இந்த அளவீட்டை வைத்துக்கொள்ள வேண்டாம். ஆய்வறையின் ஈரக்காற்று குளிர் நைட்ரஜன் தாரைக்குள் கலந்து படிகத்தின்மேல் பனி படிந்தால், பனியின் வளையங்களும் தரவில் வந்து சேரும்.

பின்சேர்க்கை: ஃபுளூரின் மட்டுமின்றி எல்லா அணுக்களின் எலிப்சாய்டுகளும் ஒரே திசையில் நீண்டிருப்பதாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். அது தொகுதியின் ஒழுங்கின்மை ஆகாது. உறிஞ்சல் திருத்தம் சரியாக நடக்காத, அல்லது ஒரு திசையில் பிரதிபலிப்புகள் குறைவாக உள்ள தரவில் பிழை முழுவதும் Uij மதிப்புகளுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். `PART` எதையும் தொடாமல், தகட்டுப் படிகமா என்று பார்த்து உறிஞ்சல் திருத்தத்தை மறுபடி செய்யுங்கள். தனியொரு அணு மட்டும் அண்டை அணுக்களைவிட மிகச் சிறிதாகவோ பெரிதாகவோ இருந்தால், முதலில் அது எந்தத் தனிமம் என்று சரிபாருங்கள்: நைட்ரஜன் இருக்க வேண்டிய இடத்தில் கார்பனை இட்டால் எலிப்சாய்டு சுருங்கும், மாற்றி இட்டால் ஊதும்.