ஷிப்ட் முடியப் போகுது, இன்னொரு டாஸ்க் எடுக்கலாமா: வேர்ஹவுஸ் வேலைக்குப் புதுசா வந்தவங்களுக்கு

வெளிநாட்டுக்கு வந்து முதல் வேலையா வேர்ஹவுஸ்ல பிக்கிங்ல, அதாவது ஆர்டருக்கான சரக்கை ரேக்ல இருந்து எடுக்குற வேலையில, சேர்ற நம்ம ஆளுங்க நிறைய பேர். கைல ஒரு ஸ்கேனர் குடுப்பாங்க, பட்டனை அமுக்கினா அடுத்த டாஸ்க் வரும், முடிச்சா இன்னொண்ணு வரும். எந்த ரேக், அதுல சரக்கு இருக்குற எந்த அறை, அதாவது எந்த பின், எத்தனை பீஸ்னு எல்லாத்தையும் அதுவே சொல்லிடும். ஆனா எப்போ அந்த பட்டனை அமுக்குறதை நிறுத்தணும்னு மட்டும் சொல்லாது. ட்ரெயினிங்லயும் பெரும்பாலும் யாரும் சொல்றதில்ல. அதைப் பத்தி மட்டும்தான் இங்க எழுதுறேன்.

முதல்ல நான் மாட்டின கதை. சேர்ந்து மூணாவது வாரம், ஷிப்ட் மதியம் 2ல இருந்து ராத்திரி 10 வரைக்கும். மணி 9:35, இன்னும் 25 நிமிஷம் இருக்கே சும்மா நின்னா நல்லா இருக்காதேன்னு ஒரு டாஸ்க்கை இழுத்தேன், 20 லைன், அதாவது எடுக்க வேண்டிய 20 வகை சரக்கு, இருந்துச்சு. பதினோரு லைன் சர்ருனு போயிடுச்சு, பன்னிரண்டாவதுக்குப் போனா பின் காலி. சிஸ்டம்ல 6 பீஸ் இருக்குன்னு காட்டுது, கையை விட்டுத் துழாவினா ஒண்ணுமே இல்ல. மேல் ரேக்ல இருந்து சரக்கை எறக்கித் தர்ற ஃபோர்க்லிஃப்ட் ஆளு வண்டியை சார்ஜ்ல போட்டுட்டுக் கிளம்பிட்டாரு. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல, சரக்கு எடுத்துப் போடுற டப்பாவை, அதாவது டோட்டை, அங்கேயே ஓரமா வச்சுட்டு ஸ்கேனர்ல லாக் அவுட் பண்ணிட்டு வீட்டுக்கு வந்துட்டேன்.

அந்த ஆர்டர் என் ஐடியிலேயே மாட்டிக்கிச்சு. நைட் ஷிப்ட்காரங்க யாரு பட்டனை அமுக்கினாலும் அது அவங்களுக்கு வராது, ஏன்னா சிஸ்டம் கணக்குப்படி அதை நான் இன்னும் எடுத்துக்கிட்டு இருக்கேன். நான் எடுத்து வச்ச சரக்கும் ரேக் கணக்குலயும் இல்ல, டெஸ்பாட்ச் கணக்குலயும் இல்ல, நடுவுல தொங்குது. கடைசியில சூப்பர்வைசர் என் பேர்ல இருந்து அதைக் கழட்டி விட்டு, டோட் எங்க இருக்குன்னு ஒவ்வொரு வரிசையா தேடி எடுத்திருக்காங்க. மறுநாள் எனக்குக் கெடச்ச பாட்டு, டாஸ்க்கை முடிக்கலைன்னு இல்ல, "ஏன் எடுத்தே"ன்னுதான்.

அப்போதான் புரிஞ்சுது, நிறுத்துற முடிவை டாஸ்க்குக்கு நடுவுல எடுக்கவே முடியாது, பட்டனை அமுக்குறதுக்கு முன்னாடியே எடுத்துடணும். எடுக்காம விட்ட டாஸ்க் வரிசையில நிக்கும், அடுத்த ஆளு ஒரு நொடியில எடுத்துக்குவாரு. எடுத்துப் பாதியில விட்டதை சரி பண்ணத்தான் ரெண்டு மூணு பேரோட நேரம் போகுது.

சரி, எந்த மணிக்கு நிறுத்தறது? பன்ச் அவுட் நேரத்துல இருந்து பின்னாடி எண்ணிக்கிட்டு வரணும். மொதல்ல ஒதுக்க வேண்டியது மூட்டை கட்டுற நேரம், அதாவது பிக்கிங் இல்லாத கடைசி வேலைங்க. என் இடத்துல பேலட் ஜாக்கைக் கொண்டு போய் சார்ஜ்ல போட்டு, என் வரிசையில கெடக்குற அட்டை, ப்ளாஸ்டிக்கைக் கிளியர் பண்ண 5 நிமிஷம், ஸ்கேனரை டாக்ல வச்சுக் கையெழுத்துப் போட 3 நிமிஷம், அங்க இருந்து பன்ச் மெஷினுக்கு நடக்க 4 நிமிஷம். மொத்தம் 12. அப்போ 10 மணி ஷிப்ட்ல எனக்கு வேலை உண்மையில 9:48க்கே முடியணும். புதுசா வர்றவங்க இந்த நடக்குற நேரத்தை மறந்துடுவாங்க, ஆனா பெரிய கட்டடத்துல அதுதான் ஆளை முழுங்கும். ஒரு நாள் உங்க கடைசி ரேக்ல இருந்து நிஜமாவே நடந்து பாத்து டைம் எடுத்துக்கோங்க.

அடுத்து ஒரு டாஸ்க் எவ்வளவு நேரம் புடிக்கும்ங்கறது. இங்கதான் எல்லாரும் சராசரியைப் புடிச்சுக்கிட்டு ஏமாந்துடறாங்க. நான் ஒரு வாரம் சின்ன நோட்டுல 20 டாஸ்க்கோட ஆரம்பமும் முடிவும் எழுதி வச்சேன், சராசரி 21 நிமிஷம் வந்துச்சு. ஆனா அதுல 8 டாஸ்க் 21 நிமிஷத்தைத் தாண்டியிருந்துச்சு. அப்போ சராசரியை நம்பி 9:27க்கு ஒண்ணை இழுத்தா, அஞ்சுல ரெண்டு தடவை லேட்டு. அதே நோட்டுல 18 டாஸ்க் 30 நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிருக்கு, மிச்சம் ரெண்டும் 37, 44னு இழுத்திருக்கு. நான் அந்த 30ஐத்தான் புடிச்சுக்கிட்டேன். இருபதுல பதினெட்டு முடியுற நேரம் எதுவோ அதுதான் உங்க நம்பர். ரொம்ப மோசமான 44ஐப் புடிச்சா தெனமும் கால் மணி நேரம் சும்மா நிக்கணும், டீமைப் பாத்துக்கற லீட் கேள்வி கேப்பாரு.

9:48ல இருந்து 30 போனா 9:18. அதுக்கு மேல முழு பிக் டாஸ்க்குக்கு நான் பட்டனைத் தொடுறதில்ல. கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கும், மத்தவன் எல்லாம் இழுத்துக்கிட்டு இருக்கும்போது நாம மட்டும் நிக்கறதான்னு. நிக்கத் தேவையில்ல. 9:18ல இருந்து 9:48 வரைக்கும் செய்ய வேலை இருக்கு, ஆனா எந்த நிமிஷம் நிறுத்தினாலும் பாதியில தொங்காத வேலையா இருக்கணும். ஒரே ஒரு லைன் இருக்குற ஆர்டர், பின்ல இருக்குற சரக்கை எண்ணிப் பாக்குறது, காலி டோட்களை அடுக்குறது, முடிஞ்ச பேலட்டுக்கு ராப் சுத்துறது, லேபிள் ரோல் மாத்தி வைக்கிறது மாதிரி.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. உங்க பிக் ரேட்டை மணிக்கு இத்தனைன்னு கணக்கு வைக்கிற இடமா இருந்தா, அட்டை பொறுக்குற நேரமும் பிக்கிங் நேரமாவே ஓடி உங்க ரேட் விழுந்துடும். அதனால சும்மா போய் அடுக்க ஆரம்பிக்காதீங்க, லீட்கிட்ட போய் இன்டைரக்ட் கோட்ல, அதாவது பிக்கிங் இல்லாத வேலைக்கான கணக்குல, மாத்தச் சொல்லுங்க. நான் சொல்றது இவ்வளவுதான்: "இப்போ 9:18, முழு பேட்ச் எடுத்தா 10க்குள்ள க்ளோஸ் ஆகாது, சின்ன ஆர்டர் இருந்தா குடுங்க, இல்லைன்னா என்னை க்ளீனிங் கோட்ல போடுங்க." காரணத்தோட மணியையும் சேத்து சொன்னா யாரும் சோம்பேறின்னு நெனைக்கிறதில்ல. நான் இப்படிச் சொல்ல ஆரம்பிச்ச ரெண்டாவது வாரத்துல இருந்து என் லீட் அவராவே வந்து சின்ன ஆர்டர்களை எனக்குன்னு எடுத்து வைக்க ஆரம்பிச்சுட்டாரு.

இப்போ ஓவர்டைம். இது இன்னும் வழுக்குற இடம், ஏன்னா இங்க சுவத்துல இருக்குற கடிகாரம் போதாது, வாரக் கணக்கும் சேரும். ஒரு வாரம் எனக்கு 6 மணி நேரம் ஓ.டி. அனுமதி குடுத்திருந்தாங்க, அதுக்கு மேல ஒரு நிமிஷம் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டாங்க. திங்கள் 1 மணி 20 நிமிஷம், செவ்வாய் 1:05, புதன் 1:30, வியாழன் 50 நிமிஷம். கூட்டினா 4:45. வெள்ளிக்கிழமைக்கு மிச்சம் 1 மணி 15 நிமிஷம், அப்போ ராத்திரி 11:15க்கு பன்ச் அவுட். மூட்டை கட்ட 12 போனா 11:03, டாஸ்க்குக்கு 30 போனா 10:33 வரைக்கும் பட்டனை அமுக்கலாம்னு நான் பெருமையா போட்ட கணக்கு தப்பு.

தெனமும் நான் 10 நிமிஷம் முன்னாடியே வந்து பன்ச் பண்ற பழக்கம். எங்க மெஷின் அதையும் வேலை நேரமாத்தான் எடுத்துக்குது. அஞ்சு நாளைக்கு 50 நிமிஷம்! 1:15ல அது போக மிச்சம் வெறும் 25 நிமிஷம். 10:25க்கு வெளிய இருக்கணும், 10:13க்கு வேலை முடியணும், கடைசி முழு டாஸ்க் 9:43க்கு. நான் நெனைச்சதுக்கும் இதுக்கும் 50 நிமிஷம் வித்தியாசம், அதாவது அன்னைக்கு ஓ.டி. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே நான் பட்டனை விட்டிருக்கணும். சில இடத்துல சீக்கிரம் வந்த நேரத்தை மெஷின் கழிச்சுடும், சில இடத்துல கால் மணிக்கு ரவுண்ட் பண்ணும், அதனால உங்க நேரக் கணக்கு ஷீட்டை வியாழக்கிழமையே பாத்துடுங்க. வெள்ளி ராத்திரி பாத்துப் பிரயோஜனம் இல்ல.

ஸ்டூடன்ட் விசால வந்து வாரத்துக்கு இத்தனை மணி நேரம்தான்னு வரம்பு இருக்குறவங்க இதையே இன்னும் இறுக்கமாப் போடணும். ரெண்டு எடத்துல பார்ட் டைம் பண்ணா ரெண்டையும் கூட்டணும், ஒரு கம்பெனி மெஷினுக்கு இன்னொரு கம்பெனி நேரம் தெரியாது. இங்க 30 நிமிஷ கணக்கு வேண்டாம், என் நோட்டுல இருந்த 44 மாதிரி உங்க மோசமான நம்பரையே போடுங்க, லீட் முகம் சுளிச்சாலும் பரவாயில்ல. அதே மாதிரி ஐரோப்பிய யூனியன் நாடுகள்ல ஒரு நாள் வேலைக்கும் அடுத்த நாள் வேலைக்கும் நடுவுல பொதுவா 11 மணி நேரம் ஓய்வு இருக்கணும்னு சட்டம். ராத்திரி 10க்கு முடிச்சு காலைல 9க்கு வர வேண்டிய ஆளு 10:40 வரைக்கும் இழுத்தா மறுநாள் 9:40க்கு முன்னாடி அவரை உள்ள விட முடியாது. உங்க கடைசி டாஸ்க் அடுத்த நாள் ரோஸ்டரையும் சேத்துக் கெடுக்குது.

லாரி நிக்குது, இந்த ஆர்டர் போயே ஆகணும்னு சொன்னா? அப்போ அது உங்க முடிவு இல்ல. "எடுக்கறேன், ஆனா 10:20 ஆகும், ஓ.டி. ஓகேவா"ன்னு லீட்கிட்ட கேட்டு, அவரு சரின்னு சொன்னதை க்ரூப்லயோ மெசேஜ்லயோ ஒரு வரி வாங்கிக்கோங்க. வாய் வார்த்தையில சொன்னதை சம்பள நாள்ல யாரும் ஞாபகம் வச்சிருக்க மாட்டாங்க.

ஒண்ணு மட்டும் பண்ணவே பண்ணாதீங்க, பன்ச் அவுட் பண்ணிட்டுத் திரும்பி வந்து மிச்சத்தை முடிக்கறது. நல்ல பேர் வாங்கலாம்னு நம்மாளுங்க பண்ணுவாங்க. அந்த நேரத்துக்குக் காசு வராது, அப்போ ஏணியில இருந்து விழுந்தா நீங்க வேலையில இருந்தீங்கன்னு காட்டுறதுக்குக் கைல ஒண்ணும் இருக்காது. அடுத்த ஷிப்ட் ஆளோட லாகின்ல முடிக்கறதும் அதே ரகம்தான், பீஸ் ஒண்ணு கொறஞ்சா அவரு தலையில விழும்.

இவ்வளவு கணக்குப் போட்டும் சில நாள் மாட்டும், இருபதுல ரெண்டுன்னு நோட்டே சொல்லுதே. 9:10க்கு எடுத்த டாஸ்க்ல 9:40க்கும் அஞ்சு லைன் பாக்கின்னா ஓட ஆரம்பிக்காதீங்க, ஓடினா தப்பு பின்ல கை போகும். அப்பவே, 8 நிமிஷம் கையில இருக்கும்போதே லீட்டைக் கூப்பிட்டு என் பேர்ல இருந்து கழட்டி விடுங்கன்னு சொல்லுங்க. டோட்டை வரிசை ஓரத்துல விடாம ஹோல்ட் பண்ற இடத்துல வச்சு, ஒரு பேப்பர்ல ஆர்டர் நம்பர், எத்தனை லைன் முடிஞ்சுது, எந்த பின் காலின்னு எழுதி மேல ஒட்டிடுங்க. நான் இப்போ எல்லாம் ஜேப்புல ஒரு மார்க்கர் வச்சிருக்கேன், வேற எதுக்கும் இல்ல, அந்தப் பேப்பருக்குத்தான்.