மேரு வந்ததும் மாலையைத் திருப்புங்கள்
ருத்ராட்ச மாலையில் 108 மணிகளுக்கு மேல் தனியாகத் தொங்கும் மணிதான் மேரு. அதை எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை, தாண்டுவதும் இல்லை. மாலையை வலக்கை நடுவிரலின் மேல் தொங்கவிட்டு, ஒரு மந்திரம் முடிந்ததும் கட்டைவிரலால் ஒரு மணியை உங்கள் பக்கமாக இழுங்கள். ஆள்காட்டி விரல் மாலையில் படக்கூடாது என்பது மரபு. அதை நீட்டியே வைத்திருங்கள்.

மேரு விரலில் தட்டுப்பட்டதும் மாலையை அப்படியே திருப்பி, கடைசியாக எண்ணிய மணியிலிருந்தே அடுத்த சுற்றைத் தொடங்குங்கள். இதற்கு இடக்கையின் உதவி வேண்டாம். கட்டைவிரலும் நடுவிரலுமே போதும். முதலில் மாலை நழுவத்தான் செய்யும். மடியில் ஒரு துண்டை விரித்துக்கொண்டால் தரையில் விழாது. மாலை தொப்புளுக்குக் கீழே இறங்கக்கூடாது என்பார்கள். கையை மார்புக்கு நேராக வைத்துக்கொள்ளுங்கள்.