சவரம் செய்த கன்னத்தில் ஸ்பிளாஷ் ஏன் எரிகிறது, படிகாரம் என்ன சொல்கிறது

வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த என் தம்பி, ஹட்டன் குளிரில் காலை ஐந்தரைக்குச் சவரம் செய்துவிட்டு ஆஃப்டர்ஷேவ் ஸ்பிளாஷை இரண்டு உள்ளங்கையிலும் ஊற்றி அப்பிக்கொண்டு, "அண்ணே, நெருப்பு வச்ச மாதிரி இருக்கு" என்று குதித்தான். அவன் சொன்னது ஏறக்குறைய சரிதான். தோலில் சூட்டை உணரும் நரம்பு முனைகள் வழக்கமாக 42 பாகை செல்சியஸ் அளவில்தான் விழித்துக்கொள்ளும். ஸ்பிளாஷில் இருக்கும் ஆல்கஹால் பட்டால் அந்த எல்லை ஏறத்தாழ 34க்கு இறங்கிவிடும், உங்கள் உடம்புச் சூடே அதைவிட அதிகம், ஆகவே எதுவும் வேகாமலே வேகிற உணர்வு வருகிறது. மற்ற நேரம் தோலின் மேலடுக்கு காவல் இருக்கும், பிளேட் முடியோடு அதையும் கொஞ்சம் சுரண்டிவிடுவதால்தான் சவரத்துக்குப் பிறகு மட்டும் இப்படி.

சரி, தம்பிக்குச் சொல்லிக்கொடுத்ததையே சொல்கிறேன்.

முதலில் நுரை போகக் குளிர்ந்த தண்ணீரால் கழுவுங்கள். எங்கள் பக்கத்துப் பீலித் தண்ணீரைவிட நல்லது எந்தக் கடையிலும் கிடைக்காது. முகம் ஈரமாக இருக்கும்போதே படிகாரக் கட்டியை நனைத்து, அழுத்தாமல் ஒரு தடவை இழுங்கள். அது புரதத்தை இறுகச் செய்வதால் சின்னக் கீறல்களில் ரத்தம் நிற்கும். அரை நிமிடம் விட்டு, எங்கே கடிக்கிறது என்று கவனியுங்கள், ஏனென்றால் அங்கேதான் ரேசரை அழுத்தியிருக்கிறீர்கள். தம்பிக்குக் கன்னத்தில் ஒன்றுமில்லை, தொண்டைக்குக் கீழே இடப்பக்கம் மட்டும் சுரீர் என்றது. விரலால் தடவிப் பார்த்தால் அங்கே முடி மேலே பார்த்து வளர்கிறது, அவனோ மேலிருந்து கீழே, முடிக்கு எதிராக இழுத்திருக்கிறான். மறுநாள் அந்த இடத்தைக் கீழிருந்து மேலே மழித்தான், கடி பாதிக்கு மேல் குறைந்துவிட்டது.

அப்புறம் படிகாரத்தைக் கழுவிவிடுங்கள், விட்டால் தோல் வறண்டு இழுக்கும். கட்டியைத் துடைத்துக் காயவைக்க வேண்டும், ஈரத்தில் கிடந்தால் கரைந்தே போய்விடும். சலூனில் எல்லார் முகத்திலும் உரசிய கட்டி வேண்டாம், ரத்தம் பட்ட சாமான்.

முகத்தை ஒற்றித் துடைத்து, ஸ்பிளாஷுக்குப் பதிலாகக் கடலை அளவு ஆஃப்டர்ஷேவ் பாம், அதாவது களிம்பு, எடுத்துத் தடவுங்கள். ஆல்கஹால் இல்லாததா என்று லேபிளில் பாருங்கள், alcohol denat. என்று மேல் வரிசையில் இருந்தால் அது பெயருக்குத்தான் பாம். சந்தன வாசம் மெதுவாக எழுந்து நேரம் நிற்கும், எலுமிச்சை வாசம் சீக்கிரம் போய்விடும். ஸ்பிளாஷின் முதல் மணம் தூக்கலாக இருப்பதே ஆல்கஹால் ஆவியாகும்போது அதையும் சேர்த்துக் கிளப்புவதால்தான். அந்த மணம்தான் வேண்டுமென்றால் சட்டையில் போடுங்கள். தேசிக்காயை வெட்டி முகத்தில் தேய்ப்பவர்களும் உண்டு, அந்தச் சாறோடு வெயிலில் நின்றால் தோல் கறுத்துத் திட்டாகும்.

ஆல்கஹால் எரிச்சல் ஒன்றிரண்டு நிமிடத்தில் அடங்கும். அதற்குப் பிறகும் சிவந்து, மறுநாள் அரிப்போ சிறு கொப்புளமோ வந்தால் வாசனைப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று சந்தேகப்பட்டு, வாசமில்லாத பாமுக்கு மாறிப் பாருங்கள்.