2-மெத்தில்பியூட்டேனில் எத்தனை மோனோகுளோரோ சேர்மங்கள்?

ஆல்கேனைக் குளோரினேற்றும் வினையில், ஒளியில் Cl₂ பிளந்து இரண்டு Cl• தனி உறுப்புகள் தோன்றுவது தொடக்க நிலை. அவற்றுள் ஒன்று ஆல்கேனிலிருந்து ஹைட்ரஜனைப் பறித்து HCl ஆக, மீந்த ஆல்கைல் தனி உறுப்பு வேறொரு Cl₂ மூலக்கூறைத் தாக்கி விளைபொருளையும் புதிய Cl•-ஐயும் தருவது பரவல் நிலை. இங்கே H• என்று எழுதுவது பரவலான பிழை. அது எங்கும் தனித்து உருவாவதில்லை. இரண்டு தனி உறுப்புகள் இணைந்தால் சங்கிலி முடிவுறும்.

எந்த ஹைட்ரஜன் பறிக்கப்படுகிறது என்பதே விளைபொருளைத் தீர்மானிப்பதால், எண்ண வேண்டியது கார்பன்களை அல்ல, சமானமற்ற ஹைட்ரஜன் வகைகளை. 2-மெத்தில்பியூட்டேனில், அதாவது (CH₃)₂CHCH₂CH₃-இல், கிளையிலுள்ள இரு மெத்தில்களும் சமானமானவை என்பதால் அவற்றின் ஆறு ஹைட்ரஜன்களும் ஒரே வகை; இதைக் கவனியாதவர்கள் ஐந்து என்று விடை எழுதிவிடுகிறார்கள். CH, CH₂, கடைசி CH₃ ஆகியவற்றையும் சேர்த்தால் மொத்தம் நான்கு வகைகள், எனவே நான்கு அமைப்பு மாற்றியங்கள்.

வினாவில் 'புறவெளி மாற்றியங்கள் உட்பட' என்றிருந்தால் விடை ஆறு. 1-குளோரோ-2-மெத்தில்பியூட்டேன், 2-குளோரோ-3-மெத்தில்பியூட்டேன் இரண்டிலும் சீர்மையற்ற கார்பன் ஒன்று இருப்பதால், அவை ஒவ்வொன்றும் R, S என இரு வடிவங்களில் கிடைக்கும். 2-குளோரோ-2-மெத்தில்பியூட்டேனில் ஒரே கார்பனில் இரு மெத்தில்கள் இருப்பதால் அதற்கு ஒரு வடிவமே, 1-குளோரோ-3-மெத்தில்பியூட்டேனும் அவ்வாறே.